கம்ப்யூட்டர்ல ரெண்டு காட்டுது, ரேக்ல காணோம்!

சின்ன ஜவுளிக்கடைக்கு ஏற்றது பார்கோடா, ரேடியோ டேக்கா?

“அண்ணே, இதே டிசைன்ல நாற்பத்திரண்டு சைஸ் இருக்கா?”

“கம்ப்யூட்டர்ல ரெண்டு காட்டுது… ரேக்ல காணோமே. குடோன்ல பார்த்துட்டு வரச் சொல்றேன், கொஞ்சம் உட்காருங்க.”

ரெடிமேட் கடைகளில் தினமும் கேட்கும் உரையாடல் இது. குடோனுக்குப் போன பையன் திரும்புவதற்குள் வந்தவர் எதிர்க்கடைக்குப் போயிருப்பார். கேட்ட சட்டை மறுவாரம் 38 சைஸ் அடுக்கின் அடியிலிருந்து கிடைக்கும். சரக்கு தொலையவில்லை, திருடும் போகவில்லை. கணக்கு ஓரிடத்திலும் சரக்கு வேறிடத்திலும் இருந்தன, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலோடு விற்பனையாளர் யாரிடமாவது பேசினால், அவர் மேஜையில் வைப்பது ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ டேக்கை. கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு ரேக் ஓரமாக நடந்தால் போதும், மொத்தக் கடையும் எண்ணப்பட்டுவிடும் என்று செய்தே காட்டுவார். கருவி நிஜமாகவே எண்ணும். ஆனால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் பீஸ் விற்கும் ஒரு கடைக்கு அது கட்டுப்படியாகுமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் தேட, கணக்கு முதலில் எங்கே பிசகுகிறது என்று பார்க்க வேண்டும்.

தப்பு நுழையும் மூன்று வாசல்கள்

முதல் வாசல் பில் கவுண்டர். ஒரே டிசைனில் 38, 40, 42 என மூன்று சட்டைகளை ஒரு குடும்பம் எடுத்து வருகிறது. மூன்றும் ஒரே விலை. கூட்டம் நெருக்கும் நேரத்தில் பில் போடுபவர் மேலே இருக்கும் 38-ஐ மட்டும் ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் 3 என்று தட்டிவிடுகிறார். பணம் சரியாக வந்துவிட்டது. மாலையில் கல்லாக் கணக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் 38 சைஸில் இரண்டு கூடுதலாகக் குறைந்துவிட்டது. விற்றுப்போன 40-ம் 42-ம் இன்னும் கடையில் இருப்பதாகக் காட்டுகிறது. பணம் சரியாக இருப்பதால் இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டாவது, மாற்றிக் கொடுப்பது. தீபாவளிக்கு முந்தைய வாரம் சைஸ் மாற்ற வருபவர்களுக்கு, பில்லைப் பார்த்துவிட்டு கவுண்டர் மேலேயே கைமாற்றி அனுப்பிவிடுவார்கள். விலை ஒன்றுதானே என்ற நினைப்பு. கம்ப்யூட்டருக்கு அந்த மாற்றம் தெரியாது.

மூன்றாவது, சரக்கு இறங்கும் இடம். ரெடிமேட் சட்டைகள் பெரும்பாலும் சைஸ் கலந்த செட்டாக வருகின்றன. பில்லில் உள்ளபடியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கட்டைப் பிரித்து எண்ணாமல் அடுக்கினால், ஆலையில் நடந்த தவறு கடைக் கணக்கிலும் ஏறிவிடும்.

இந்த மூன்றுமே எண்ணுவதற்கு நேரம் ஆவதால் வந்த தவறுகள் அல்ல, பதிவு செய்யும்போது நடந்தவை. எனவே வேகமாக எண்ணும் கருவி இவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சொல்லுமே தவிர, வராமல் தடுக்காது. தடுப்பதற்கு வேறொன்று தேவை.

சைஸுக்கு ஒரு எண்ணா, பீஸுக்கு ஒரு எண்ணா?

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் செய்யப்பட்டது. பில் கவுண்டரில் இன்றைய பார்கோடின் பயணம் அங்கே தொடங்கியது. அந்த முறையில் ஒரே வகைப் பாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான். மளிகைக்கு அது போதும். ஒரு சோப்புக்கும் அடுத்த சோப்புக்கும் வித்தியாசம் இல்லை. பிராண்டு சட்டைகளில் அச்சாகி வரும் 13 இலக்க எண்ணும் அந்த வகைதான். ஒரு டிசைனில், ஒரு நிறத்தில், 40 சைஸ் சட்டைகள் ஆயிரம் இருந்தாலும் எண் ஒன்றே.

ரேடியோ டேக்கில் நிலைமை வேறு. அதன் சிப்பில் பொருளின் எண்ணோடு அந்தத் தனிப் பீஸுக்கான வரிசை எண்ணும் எழுதப்படுகிறது. ஒரே மாதிரியான பத்துச் சட்டைகளுக்குப் பத்து வெவ்வேறு எண்கள். ரேடியோ டேக்கால் கிடைக்கும் நன்மைகளில் பாதி இதிலிருந்து வருவது, ரேடியோவிலிருந்து அல்ல.

பீஸுக்கு ஒரு எண் கொடுக்க ரேடியோ தேவையில்லை. பட்டுப்புடவைக் கடைகளில் ஒவ்வொரு புடவைக்கும் தனி பார்கோடு ஒட்டுவது பழகிப்போன வழக்கம். அதே முறையைச் சட்டைக்கும் கொண்டுவரலாம். கடையின் உள்புழக்கத்துக்கான எண் என்பதால் யாரிடமும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. 00014501, 00014502 என்று பில்லிங் மென்பொருளே வரிசையாகக் கொடுக்கும். லேபிளில் அச்சிட ‘கோடு 128’ என்ற பார்கோடு வகை போதுமானது.

இப்படிச் செய்தால் பில் கவுண்டரில் 3 என்று தட்ட வழியே இருக்காது. மூன்று சட்டைக்கும் மூன்று முறை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். ஒன்றையே இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் மென்பொருள் மறுக்கும். மாற்ற வந்த சட்டையைப் பதியாமல் ரேக்கில் வைத்தாலும், அடுத்த முறை அது விற்கப்படும்போது ‘ஏற்கெனவே விற்றது’ என்று திரை காட்டிக்கொடுக்கும். முதல் வாசல் அடைபட்டது, இரண்டாவது பாதி மூடிவிட்டது. மூன்றாவதுக்கும் இதில் வழி உண்டு: பில்லைப் பார்த்து லேபிள் அடிக்காமல், கட்டைப் பிரித்துப் பீஸைக் கையில் எடுத்து எண்ணிய பிறகு அடித்தால், செட்டில் உள்ள தவறு அங்கேயே பிடிபடும்.

லேபிளை எங்கே மாட்டுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. பாலித்தீன் கவர்மேல் ஒட்டினால், போட்டுப் பார்க்க எடுத்த சட்டை வேறு கவருக்குள் திரும்பும்போது எண்ணும் சட்டையும் பிரிந்துவிடும். டேக் கன்னால் சட்டையிலேயே மாட்ட வேண்டும். அச்சுத் தரத்தையும் கவனிக்க வேண்டும். பிரிண்டரின் தலையில் தூசி படிந்தால் பார்கோடில் மெல்லிய வெள்ளைக் கீற்று விழும். பார்கோடின் இரு ஓரத்திலும் வெற்றிடம் இல்லாமல் நெருக்கி அச்சடித்தால் ஸ்கேனர் திணறும். ரோல் மாற்றும்போதெல்லாம் முதல் லேபிளை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தால் இவை அப்போதே தெரிந்துவிடும்.

ரேடியோ செய்வதும் செய்யாததும்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் சட்டையில் மாட்டும் ரேடியோ டேக்கும் ஒரே தொழில்நுட்பம்தான். இரண்டிலும் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே டேக்கின் ஆன்டெனா மின்சக்தியைப் பெறுகிறது. அதைக்கொண்டு விழிக்கும் சிப், தன் எண்ணை அதே அலையில் பிரதிபலித்து அனுப்புகிறது. எல்லா டேக்கும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் கேட்காது. எனவே ஆளுக்கொரு தற்செயலான முறையை எடுத்துக்கொண்டு, வகுப்பில் வருகைப்பதிவு சொல்வதுபோல ஒவ்வொன்றாகப் பதில் சொல்கின்றன. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால், ஒரு ரேக்கை முழுக்க எண்ண சில விநாடிகள் போதும். டேக் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. மடித்த சட்டைக்குள் இருந்தாலும் படிக்கும். ஒரு குறிப்பிட்ட பீஸைத் தேடச் சொன்னால், கருவி அதை நெருங்க நெருங்க பீப் ஒலியை வேகப்படுத்தி வழிகாட்டும். 38 அடுக்கின் அடியில் மாட்டிக்கொண்ட 42 சைஸ் சட்டையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்பெயினின் சாரா, ஜப்பானின் யுனிக்லோ, பிரான்சின் டெகாத்லான் ஆகியவை இதைப் பரவலாகக் கையாள்கின்றன. அவை தங்கள் பெயரிலேயே துணி தைத்து விற்பவை. டேக் ஆலையிலேயே ஏறிவிடுகிறது. ஆலையில், கிடங்கில், கடையில், பில் போடும் இடத்தில் என்று ஒரே டேக் பல இடங்களில் பயன்படுகிறது. டேக்குக்கான செலவு அத்தனை இடங்களுக்கும் பங்கு பிரிகிறது. பத்து மொத்த வியாபாரிகளிடம் வாங்கி ஒரே இடத்தில் விற்கும் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. டேக்கை அவரே வாங்கி, எழுதி, மாட்டி, ஒரே கடைக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ரேடியோவுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உலோகம் அலையைத் திருப்பிவிடும். இரும்பு ரேக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் டேக் படிக்காமல் போகலாம். உலோக ஜரிகை அடர்ந்த புடவைகளிலும் இதே கதைதான். மடிப்புக்குள் டேக்கை வைக்காமல் வெளியே தொங்கவிட வேண்டியிருக்கும். மெல்லிய டி-ஷர்ட்டுகளை இறுக்கமாக அடுக்கினால் டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சில பதில் சொல்லாது.

இதற்கு நேர்மாறான தொல்லை, அளவுக்கு மீறிப் படிப்பது. கடைக்கும் குடோனுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான் என்றால், ரேக்கை எண்ணும்போது குடோன் சரக்கும் சேர்ந்து பதிவாகும். ரேக்கில் இல்லாதது இருப்பதாகத் திரை சொல்லும். எந்தத் தொல்லைக்காகக் கருவி வாங்கினோமோ அதுவே திரும்ப வந்து நிற்கும். பில் கவுண்டரில் பக்கத்தில் நிற்பவர் கையிலிருக்கும் சட்டை இவர் பில்லில் ஏறும் ஆபத்தும் உண்டு. ரீடரின் சக்தியைக் குறைத்து வைப்பதும், கவுண்டரில் அலை வெளியே போகாதபடி தடுப்புப் பெட்டி வைப்பதும் இதற்கான வழிகள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு வாங்கி விற்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துணிகளில் சிலவற்றில் வெளிநாட்டு வாங்குநருக்காக மாட்டிய டேக் அப்படியே இருக்கும். அந்த எண்களை ஒதுக்கித் தள்ள மென்பொருளுக்குத் தெரிய வேண்டும்.

விற்க வருபவரை நம் கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லலாம். எண்ணி வைத்த 100 பீஸுக்கு டேக் மாட்டி, நம் இரும்பு ரேக்கில், நாம் அடுக்கும் விதத்திலேயே அடுக்கி, பல முறை படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பீஸ் விடுபட்டால் நடக்கும் வேகத்தைக் குறைத்தாலே சரியாகலாம். ஒரே பீஸ் திரும்பத் திரும்ப விடுபட்டால் அது இருக்கும் இடத்திலோ டேக்கிலோ கோளாறு. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்துப் பீஸை வைத்து, அவை படிக்கப்படாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ரீடர் இந்தியாவுக்கான 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அமைக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 902 – 928 மெகாஹெர்ட்ஸ் ரீடர் மலிவாகக் கிடைத்தாலும் இங்கே பயன்படுத்தக் கூடாது.

ஒரு கடையின் கணக்கு

ஒரு டவுன் ரெடிமேட் கடையை எடுத்துக்கொள்வோம். கையிருப்பு 6,000 பீஸ். வருடத்துக்கு 15,000 பீஸ் விற்கிறது. சராசரி விலை ரூ.600, அதில் கடைக்கு நிற்பது 30 சதவீதம், அதாவது பீஸுக்கு ரூ.180. கடை வருடத்தில் 300 நாள் திறக்கிறது. ஆள் சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு ரூ.600. கருவி, டேக் விலைகளைக் கணக்குக்காகத் தோராயமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பார்கோடு. லேபிள் ஒன்று 40 காசு என்றால் வருடத்துக்கு ரூ.6,000. பிரிண்டரும் இரண்டு ஸ்கேனரும் சேர்ந்து ரூ.20,000; ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு ரூ.4,000. இனி எண்ணும் வேலை. சட்டையைத் தூக்கி, டேக்கைத் தேடி, ஸ்கேன் செய்து, திரும்ப அடுக்க எட்டு விநாடி. 6,000 பீஸுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடையைச் சாத்திவிட்டு ஸ்டாக் எடுப்பதை ஆண்டுக்கொரு தடவைக்கு மேல் யாரும் செய்யாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரே நாளில் எண்ண வேண்டும் என்று யார் சொன்னது? கடையை 25 பகுதிகளாகப் பிரித்து, காலையில் கூட்டம் வருவதற்கு முன் தினம் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு 240 பீஸ், சுமார் 32 நிமிடம். மாதத்தில் மொத்தக் கடையும் ஒரு சுற்று எண்ணி முடிந்துவிடும். வருடம் முழுக்க இதற்கு 160 மணி நேரம், சம்பளத்தில் ரூ.12,000. ஆக, ஒழுங்காக நடத்தும் பார்கோடுக்கு வருடச் செலவு ரூ.22,000.

அடுத்து ரேடியோ டேக். டேக் ஒன்று ரூ.6 என்றால் 15,000 பீஸுக்கு ரூ.90,000. கையில் பிடிக்கும் ரீடர் ரூ.1 லட்சம், வருடத்துக்கு ரூ.20,000. மென்பொருளுக்கு ரூ.20,000. வாரம் ஒரு மணி நேரம் நடந்து எண்ண வருடத்துக்கு ரூ.4,000. மொத்தம் ரூ.1,34,000. கையிலிருக்கும் 6,000 பீஸுக்கு முதல் தடவை டேக் மாட்டும் ரூ.36,000 தனி.

வருட வித்தியாசம் ரூ.1,12,000. எண்ணும் ஆள் சம்பளத்தில் மிச்சமானது அதில் ரூ.8,000தான். கூலி அதிகமான நாடுகளில் ரேடியோ டேக்கை விற்கச் சொல்லும் முதல் காரணமே ஆள் நேரம் மிச்சமாகும் என்பது. நம் ஊர்ச் சம்பளத்தில் அந்தக் காரணம் நிற்காது. மிச்சமுள்ள தொகையை விற்பனைதான் ஈடுகட்ட வேண்டும். பீஸுக்கு ரூ.180 வீதம் 622 பீஸ் கூடுதலாக விற்க வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு இரண்டு.

எனவே கேள்வி இப்படிச் சுருங்குகிறது: ஒழுங்காகப் பார்கோடு நடத்திய பிறகும், கடையிலேயே இருந்தும் கையில் கிடைக்காமல், தினம் இரண்டு விற்பனை போகிறதா?

இதற்கு ஒரு நோட்டுப் போதும். கவுண்டரில் வைத்து ஒரு மாதம் எழுதுங்கள். கேட்ட டிசைன், சைஸ், கம்ப்யூட்டர் காட்டிய எண்ணிக்கை, கிடைத்ததா, வாடிக்கையாளர் வேறு எடுத்தாரா, வெறுங்கையோடு போனாரா. பிறகு அந்தப் பீஸ் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். கடைசிவரை கிடைக்காதவற்றைத் தனியாக வையுங்கள். அவை பதிவுத் தவறாகவோ திருட்டாகவோ இருக்கும், தேடும் கருவியால் வரப்போவதில்லை. கம்ப்யூட்டரே ‘இல்லை’ என்று சொன்னவையும் இந்தக் கணக்கில் சேராது. அது கொள்முதலில் உள்ள குறை.

யாருக்கு எது?

டேக்கின் விலை மாறாது, துணியின் விலை மாறும். ரூ.250 குழந்தை உடுப்பில் ரூ.6 டேக் லாபத்தைக் கடிக்கும். ரூ.4,000 உடுப்பில் அது தெரியவே தெரியாது. அங்கே வாரம் ஒரு பீஸ் கூடுதலாக விற்றாலே கணக்கு மாறிவிடும். இரண்டு மூன்று கிளைகளுக்கு இடையே சரக்கு ஓடிக்கொண்டிருந்தாலும், கடையில் இருக்கும் ஒரே பீஸை ஆன்லைனிலும் விற்பதாக இருந்தாலும், ரேடியோவின் பலன் கூடும். கட்டைப் பிரிக்காமலே அனுப்பியதும் வந்ததும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம்.

டேக் செலவைக் குறைக்க, பிளாஸ்டிக் உறையிட்ட டேக்கை பில் போடும்போது கழற்றித் திரும்பப் பயன்படுத்தும் வழி இருக்கிறது. ஒன்றின் விலை கூடுதல். ஆனால் வருடத்துக்கு 15,000 வாங்காமல், கையிருப்புக்கும் சேதாரத்துக்கும் போதுமான அளவு ஒரு தடவை வாங்கினால் போதும். பில் போட்டதும் பழைய சட்டையோடு டேக்குக்கு இருந்த தொடர்பை மென்பொருளில் துண்டிக்க வேண்டும். ஒரு நாள் இது தவறினால், விற்றுப்போன சட்டை ரேக்கில் இருப்பதாகக் கருவி அடித்துச் சொல்லும். பில் போட்டவுடன் மென்பொருள் தானாகத் துண்டிக்குமா, யாராவது பொத்தானை அழுத்த வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அழுத்த வேண்டும் என்றால், தீபாவளிக் கூட்டத்தில் அதை யாரும் அழுத்தப்போவதில்லை.

மேலே கணக்குப் போட்ட கடை என்னுடையதாக இருந்தால் இப்போதைக்குப் பீஸுக்கு ஒரு பார்கோடுதான். ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கு கழிந்து ரேக் காலியாகும் சமயமே தொடங்க நல்ல நேரம். அதன்பின் இறங்கும் தீபாவளிச் சரக்கைக் கட்டுக்கட்டாகப் பிரித்து எண்ணி லேபிள் மாட்டலாம். தை பிறந்து கூட்டம் ஓய்ந்ததும் நோட்டைத் திறக்கலாம். ஒரு மாதத்தில் ‘கடையிலேயே இருந்தது, ஆனால் கைக்குக் கிடைக்கவில்லை’ என்ற வரிகள் ஐம்பதைத் தாண்டினால் ரேடியோ டேக் காரரைக் கூப்பிட்டு நம் ரேக்கில் சோதித்துக் காட்டச் சொல்லலாம். அப்போதும் பார்கோடுக்குச் செய்த வேலை வீண் போகாது: பீஸுக்கு ஓர் எண், அதற்குரிய டிசைன், சைஸ், விலை எல்லாம் தயாராக இருக்கும். அதே எண்ணைச் சிப்புடன் இணைப்பது மட்டும்தான் மிச்சம்.